ஓர் எண் போதும்: பெற்றோர் கூட்டத்திற்கு நேரம் கேட்கும் குறுஞ்செய்தி

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்திற்கு நாளும் நேரமும் மேலிருந்து வந்துவிடும். ஆனால் ஒரு வகுப்பின் பெற்றோரை மட்டும் அழைத்துப் பேச வேண்டும் என்றால் நேரத்தை முடிவு செய்வது வகுப்பாசிரியர்தான். கோவில்பட்டிக்கு அருகே கரிசல் கிராமம் ஒன்றில் உள்ள நடுநிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு நான் பொறுப்பு. நடுநிலைப் பள்ளி என்பதால் எட்டு முடிந்ததும் பிள்ளைகள் வேறு பள்ளிக்கு மாற வேண்டும். ஒன்பதில் எங்கே சேர்ப்பது, எந்தப் பேருந்தில் அனுப்புவது என்று மாசி மாதத்திலேயே வீட்டாரிடம் பேசிவிட வேண்டும். பேசாமல் விட்டால் ஜூன் மாதம் ஓரிரு பெண் பிள்ளைகள் எந்தப் பள்ளியிலும் சேராமல் தீப்பெட்டி ஆபீஸ் வேனில் ஏறிவிடும் வாய்ப்பு இங்கே எப்போதும் உண்டு. அதனால் இந்தக் கூட்டத்திற்கு வர வசதியுள்ளவர்கள் மட்டும் வந்தால் போதாது.

மாசி மாதம் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஓய்வு கிடைக்கும் மாதமில்லை. உளுந்தும் பாசியும் வீட்டுக்கு வந்திருக்கும். மிளகாய்ப் பழம் பறிப்பும் பருத்தி எடுப்பும் நடந்துகொண்டிருக்கும். தீப்பெட்டி வேலைக்குப் போகிறவர்களுக்கு ஞாயிறு விடுமுறை. காட்டு வேலைக்குப் போகிறவர்களுக்குக் கிழமையே கிடையாது. இந்த நிலையில் நேரத்தை நாமே ஊகித்து அறிவிப்பதைவிட அவர்களிடம் கேட்பது நல்லது. கேட்பதற்கு நான் பயன்படுத்துவது எண்ணிட்ட தெரிவுகள் கொண்ட குறுஞ்செய்தி. மூன்று நேரங்களுக்கு மூன்று எண்கள் கொடுத்து, பெற்றோர் ஒரே ஓர் எண்ணைத் திருப்பி அனுப்பும்படி கேட்கும் முறை அது.

இந்த முறை பெற்றோருக்குப் புதியதல்ல. எரிவாயு உருளை பதிவு செய்யும்போதும் வாடிக்கையாளர் சேவைக்குப் பேசும்போதும் ‘தமிழுக்கு இந்த எண்ணை அழுத்தவும்’ என்று கேட்டுப் பழகியவர்கள்தான். கீபேட் போனில் தமிழில் ஒரு வரி தட்டுவது பெரும்பாடு, ஓர் எண் தட்டுவது எளிது. உகாண்டாவில் 2011-இல் யுனிசெஃப் தொடங்கிய யூ-ரிப்போர்ட் என்ற திட்டமும் இளைஞர்களின் கருத்தைச் சாதாரணக் கைப்பேசிக் குறுஞ்செய்தி வழியாகவே கேட்டது.

‘வாட்ஸ்அப்பில் வாக்கெடுப்பு வசதி இருக்கிறதே’ என்று நண்பர்கள் கேட்பார்கள். 2022 இறுதியிலிருந்து இருக்கிறது, பன்னிரண்டு தெரிவுகள் வரை கொடுக்கலாம். எல்லா வீட்டிலும் ஆண்ட்ராய்டு போன் உள்ள வகுப்பானால் அது வசதியானதுதான். என் தயக்கத்திற்கு இரண்டு காரணங்கள் உண்டு. யார் எதற்கு வாக்களித்தார் என்பது குழுவில் உள்ள அனைவருக்கும் பெயரோடு தெரியும். அதனால் முதலில் நான்கு பேர் அழுத்தியதையே பின்னால் வருகிறவர்களும் அழுத்துவார்கள். அதோடு, குழுவில் சேர்த்த உடனேயே ஒவ்வொரு தாயின் கைப்பேசி எண்ணும் மற்ற முப்பது நாற்பது பேருக்குப் போய்விடுகிறது. கிராமத்தில் இது சிறிய விஷயமில்லை. குறுஞ்செய்தியில் பதில் எனக்கு மட்டுமே வரும்.

இனி செய்தியை எழுதும் வேலை. இங்கே ஒரு கணக்கு இருக்கிறது. கணக்கு ஆசிரியர்கள் வகுப்பிலும் இதைப் பயன்படுத்தலாம். ஒரு குறுஞ்செய்தியின் கொள்ளளவு 1120 பிட். ஆங்கில எழுத்துக்கு 7 பிட் போதும் என்பதால் 160 எழுத்துகள் அடங்கும். தமிழுக்கு ஒவ்வொரு குறிக்கும் 16 பிட் வேண்டும் என்பதால் 70 குறிகள்தான் அடங்கும். செய்தி அதைத் தாண்டினால் இரண்டு மூன்று துண்டுகளாகப் பிரிந்து போகும். துண்டுகளை வரிசையாக ஒட்டுவதற்கான குறிப்பும் இடம் பிடிப்பதால், அப்போது ஒவ்வொரு துண்டிலும் 67 குறிகள் மட்டுமே அடங்கும். வாங்குகிறவர் போனில் ஒரே செய்தியாகத்தான் தெரியும். ஆனால் கட்டணக் கணக்கில் இரண்டு துண்டு என்றால் இரண்டு செய்தி.

குறி என்று நான் சொல்வது நாம் எண்ணும் எழுத்து அல்ல. ‘க’ ஒரு குறி. ‘கு’ என்பது க-வும் உகரக் குறியும் சேர்ந்து இரண்டு. ‘ம்’ என்பதிலும் புள்ளி தனியாக எண்ணப்படும் என்பதால் இரண்டு. ‘வகுப்பு’ என்ற சொல் நமக்கு நான்கு எழுத்து, போனுக்கு ஏழு குறி. வார்த்தைக்கு நடுவே விடும் இடைவெளியும் அடுத்த வரிக்குப் போவதும் ஒவ்வொரு குறி.

நான் அனுப்பும் செய்தி இது:

```
8ஆம் வகுப்பு பெற்றோர் கூட்டம்
1 வெள்ளி மாலை 5
2 சனி மாலை 6
3 ஞாயிறு காலை 10
0 எதுவும் முடியாது
ஓர் எண் மட்டும் அனுப்பவும்
-ஆசிரியர்
```

இதில் 131 குறிகள் உள்ளன. இரண்டு துண்டின் எல்லை 134. ‘வணக்கம்’ இல்லை, ‘அன்புடையீர்’ இல்லை. மரியாதைக் குறைவாகத் தோன்றலாம். ஆனால் என் வகுப்பில் 38 பிள்ளைகள். பல ரீசார்ஜ் திட்டங்களில் ஒரு நாளைக்கு 100 குறுஞ்செய்திதான் அனுமதி. இரண்டு துண்டு என்றால் 38-க்கு 76 செய்தி, ஒரே இரவில் முடிந்துவிடும். ‘புதன் இரவுக்குள்’ என்று ஒரு வரி சேர்த்தால்கூட மூன்றாம் துண்டு தொடங்கி 114 ஆகிவிடும். பட்டியலின் கடைசியில் உள்ள ஐந்து வீடுகளுக்குச் செய்தி போகாது, போகவில்லை என்று நமக்கும் உடனே தெரியாது. ஆகவே கடைசி நாளைப் பிள்ளைகளின் நாட்குறிப்பில் எழுதச் செய்துவிடுகிறேன். செய்தியில் நேரமும் எண்களும் மட்டும்.

தெரிவுகளில் ஒன்றைக் கவனியுங்கள். கடிகார மணிகள் 5, 6, 10. தெரிவு எண்கள் 1, 2, 3, 0. இரண்டு வரிசையும் எங்கும் ஒன்றோடொன்று மோதவில்லை. இதைத் திட்டமிட்டுத்தான் செய்ய வேண்டும். ‘3 காலை 10, 4 மாலை 3’ என்று கொடுத்திருந்தால், ஒருவர் ‘3’ என்று அனுப்பும்போது மூன்றாம் தெரிவைச் சொல்கிறாரா, மூன்று மணியைச் சொல்கிறாரா என்று கண்டுபிடிக்கவே முடியாது. மோதல் இல்லாவிட்டால், யாராவது தவறிப் போய் ‘5’ என்று அனுப்பினாலும் அது வெள்ளி மாலை என்பது தெளிவு. அதேபோல் நாம் கொடுக்கும் எல்லா நேரமும் நாம் இருக்கக்கூடிய நேரமாக இருக்க வேண்டும். நான் கோவில்பட்டிக்குத் திரும்பும் பேருந்தைப் பார்த்துத்தான் ஏழு மணியைப் பட்டியலில் சேர்க்கவில்லை. கொடுத்துவிட்டு, அது வென்ற பிறகு மாற்றினால் அடுத்த செய்திக்கு யாரும் பதில் போட மாட்டார்கள்.

பூஜ்யத்தை விட்டுவிடக் கூடாது. அந்த வரி இல்லாவிட்டால் மூன்றும் ஒத்துவராத வீட்டார் பதில் போடாமல் இருந்துவிடுவார்கள், செய்தியே பார்க்காத வீட்டாரும் பதில் போட மாட்டார்கள். இரண்டும் நமக்கு ஒரே வெற்றிடமாகத் தெரியும். முதல் வகைக்கு வேறு நேரம் தேட வேண்டும், இரண்டாம் வகைக்குப் போன் போட வேண்டும். அவற்றைப் பிரித்துக் காட்டுவது அந்த ஒரு வரிதான்.

அனுப்பும் முன் போனில் ஓர் அமைப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆண்ட்ராய்டு செய்திச் செயலியில் பல பேரை ஒரே செய்தியில் சேர்த்தால், அதை ஒரு குழு உரையாடலாக அனுப்பவா, அல்லது ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுப்பவா என்று அமைப்புகளில் தேர்வு இருக்கும். தனித்தனியாக என்பதே நமக்கு வேண்டியது. சந்தேகமாக இருந்தால் வீட்டில் உள்ள இரண்டு போன்களுக்கு அனுப்பிப் பார்த்துக்கொள்ளலாம். மொத்தச் செய்தி அனுப்பும் நிறுவனங்களின் சேவை இதற்கு உதவாது. வங்கியிலிருந்து வருவதுபோல எழுத்துகளாலான தலைப்பில் வரும் செய்திக்குப் பதில் அனுப்ப வழியில்லை. அதோடு 2018 டிராய் விதிமுறைகளின்படி தலைப்பையும் செய்தி வடிவத்தையும் முன்பே பதிவு செய்ய வேண்டும். ஒரு வகுப்புக்கு அது வேண்டாத வேலை.

நான் திங்கள் இரவு ஏழரைக்கு மேல் அனுப்புவேன். பகலில் போன் வீட்டில் கிடக்கும், அல்லது அப்பாவோடு வேலைக்குப் போயிருக்கும். வீட்டில் எல்லோரும் இருக்கும்போது வந்தால் எட்டாம் வகுப்புப் பிள்ளையே படித்துக் காட்டிவிடும்.

இப்போது பதில்களைப் பார்ப்போம். ஒரு மாசியில் அனுப்பிய 38 செய்திகளுக்குப் புதன் இரவு வரை 28 பதில்கள் வந்தன. அவற்றில் 22 சரியான ஒற்றை எண்கள். வெள்ளி மாலைக்கு 4, சனி மாலைக்கு 7, ஞாயிறு காலைக்கு 9, பூஜ்யம் 2. மீதி ஆறும் இப்படி இருந்தன: ‘5’, ‘10’, ‘A’, ‘2 3’, ‘சரி சார்’, ‘ok’.

‘5’ வெள்ளி மாலை, ‘10’ ஞாயிறு காலை என்பது மேலே சொன்ன காரணத்தால் எளிது. ‘A’ என்பதைப் பார்த்துச் சிரித்துவிட்டு ஒதுக்கிவிடக் கூடாது. கீபேட் போனில் செய்தி எழுதும் இடத்தில் 2-ஐ ஒரு முறை தட்டினால் A தான் விழும். எண் வேண்டுமானால் விசையை அழுத்திப் பிடிக்க வேண்டும். அதாவது அவர் 2-ஐத்தான் அழுத்தியிருக்கிறார். அதே வழியில் ‘D’ வந்தால் 3. பெரும்பாலான கீபேட் போன்களில் 1-ஐத் தட்டினால் ஒரு புள்ளி விழும், 0-ஐத் தட்டினால் வெற்றிடம் விழும். வெறும் புள்ளியோடு ஒரு செய்தி வந்தாலும் அது பதில்தான். இருந்தாலும் மறுநாள் அந்தப் பிள்ளையிடம் ‘அம்மா சனிக்கிழமையா சொன்னாங்க?’ என்று ஒரு வார்த்தை கேட்டு உறுதி செய்துகொள்வேன்.

‘2 3’ என்றால் இரண்டு நேரமும் ஒத்துவரும் என்று பொருள். அதை எந்தப் பக்கமும் சேர்க்காமல் தனியாக எழுதிவைத்தேன். ‘சரி சார்’ பதில் அல்ல, செய்தி வந்து சேர்ந்தது என்பதற்கான சான்று மட்டும். ‘ok’-உம் அப்படியே.

ஒரே எண்ணிலிருந்து இரண்டு முறை பதில் வந்தால் கடைசியாக வந்ததையே எடுத்துக்கொள்வேன். அண்ணன் ஒன்று அனுப்பியிருப்பான், அம்மா வந்து திருத்தியிருப்பார். இந்த விதியைப் பதில்கள் வரும் முன்பே முடிவு செய்து வைத்துக்கொள்வது நல்லது. பிறகு முடிவு செய்தால் நமக்குப் பிடித்த நேரத்தின் பக்கம் மனம் சாயும்.

ஆக, புதன் இரவு நோட்டில் இருந்த கணக்கு: வெள்ளி 5, சனி 8, ஞாயிறு 10, பூஜ்யம் 2, இரண்டிற்கும் சம்மதம் 1. தெரிவு சொல்லாதவர்கள் 12 பேர். அதாவது பதிலே போடாத 10 வீடும், ‘சரி’ என்றும் ‘ok’ என்றும் அனுப்பிய இரண்டு வீடும்.

ஞாயிறு காலை வென்றுவிட்டது என்று இங்கேயே பலர் அறிவித்துவிடுவார்கள். ஆனால் முதலிடத்திற்கும் இரண்டாமிடத்திற்கும் இடையே வித்தியாசம் 2, பேசாதவர்கள் 12. வித்தியாசத்தைவிடப் பேசாதவர்கள் அதிகமாக இருக்கும் வரை முடிவு இன்னும் வரவில்லை என்றே கொள்ள வேண்டும். ஒரு வகுப்பளவில் இதற்கு வேறு புள்ளியியல் தேவையில்லை. ஒரு கழித்தல் போதும்.

இந்தப் பன்னிரண்டு பேர் எல்லா வீடுகளிலிருந்தும் கலந்து வந்தவர்களாக இருந்திருந்தால்கூட மற்றவர்களைப் போலத்தான் இவர்களும் சொல்லியிருப்பார்கள் என்று விட்டுவிடலாம். அப்படி இருப்பதில்லை. பதில் போடாததற்குக் காரணம் இருக்கிறது, அந்தக் காரணம் அவர்களுடைய வேலையோடு ஒட்டியது. வருகைப் பதிவேட்டைப் பக்கத்தில் வைத்துப் பெயர் பெயராகப் பார்த்தேன். நான்கு வீடுகளில் நம்மிடம் உள்ள எண் அப்பாவுடையது. ஒருவர் திருப்பூரில் வேலை பார்க்கிறார், ஒருவர் லாரி ஓட்டுகிறார். செய்தி அவர்களுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது, வீட்டுக்கு வரவில்லை. மூன்று வீடுகளில் ரீசார்ஜ் முடிந்திருந்தது. அப்படியான போனுக்குச் செய்தி உள்ளே வரலாம், வெளியே போகாது. மற்ற ஐந்து வீடுகளில் அம்மா விடிவதற்கு முன்பே காட்டுக்குப் போய்விட்டு இருட்டிய பின் வருகிறவர். போனை எடுத்துப் பார்க்கவே நேரமில்லை.

வியாழன், வெள்ளி இரண்டு நாள் மாலையில் பன்னிரண்டு வீடுகளிடமும் பேசினேன். சிலரிடம் போனில், சிலரிடம் பிள்ளை வழியாகச் சொல்லி அனுப்பி, இருவரிடம் பேருந்து நிறுத்தத்திலேயே. கேள்வியை மாற்றவில்லை. அதே மூன்று நேரம், அதே வரிசை. போனில் பேசும்போது ‘சனிக்கிழமை வர முடியும்ல?’ என்று நாமே எடுத்துக் கொடுத்தால் ‘சரி சார்’ என்றுதான் பதில் வரும், அதனால் மூன்றையும் படித்துவிட்டு எண்ணைச் சொல்லச் சொல்வேன். ஒரு தாய் சொன்னார்: “ஞாயித்துக்கெழம காலைலன்னா ஆகாது சார். பழம் பறிக்கப் போயிருவோம். சனிக்கெழம பொழுது சாய வாரேன்.” மிளகாய்ப் பழம் ஞாயிறு என்று காத்திருக்காது. ஒரு நாள் விட்டால் கூலியும் போகும், அடுத்த நாள் ஆள் கணக்கில் பெயரும் போகும்.

அந்தப் பன்னிரண்டு பேரில் சனி மாலை என்று சொன்னவர்கள் 8. ஞாயிறு 2, வெள்ளி 1, பூஜ்யம் 1. முந்தைய கணக்கோடு சேர்த்தால் வெள்ளி 6, சனி 16, ஞாயிறு 12, பூஜ்யம் 3. இரண்டிற்கும் சம்மதித்தவர் ஒருவர். மொத்தம் 38. முடிவு மாறிவிட்டது.

ஞாயிறு என்று எளிதாகப் பதில் போட்டவர்கள் யார் என்று பார்த்தால், தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகிறவர்களும் டவுனில் கடை வேலைக்குப் போகிறவர்களும்தான். ஞாயிறு அவர்களுக்கு விடுமுறை, போனும் கையில் இருக்கிறது. போனில் பதில் போடும் வசதியும் ஞாயிறு ஓய்வும் ஒரே வீடுகளில் சேர்ந்திருந்ததால்தான் முதல் எண்ணிக்கை ஒரு பக்கம் சாய்ந்தது. உங்கள் ஊரில் இது வேறு விதமாகச் சாயலாம். கடலோர ஊரில் படகு போகும் நேரம், மலையூரில் பேருந்து வரும் நேரம் என்று காரணம் மாறும்.

‘ஒரே எண் என்று ஏன் கட்டுப்படுத்த வேண்டும், முடிந்த எல்லா எண்ணையும் அனுப்பச் சொல்லலாமே’ என்று ஒரு சக ஆசிரியர் கேட்டார். நியாயமான கேள்வி. ஒற்றை எண் ஒருவருடைய முதல் விருப்பத்தை மட்டும்தான் காட்டும். சனிக்கு வாக்களிக்காத 12 ஞாயிறுக்காரர்களில் எத்தனை பேர் சனியும் வர முடியும் என்பது அதில் தெரியாது. எல்லா எண்ணையும் கேட்டால் அது தெரியும். ஆனால் அப்போது ‘10’ என்று வரும் பதில் பத்து மணியா, முதல் தெரிவும் பூஜ்யமுமா என்ற குழப்பம் வரும். செய்தியில் விளக்கம் நீண்டு மூன்றாம் துண்டும் வரும். அதோடு மரியாதைக்காக மூன்றையும் அனுப்பிவிடுகிறவர்கள் நம் ஊரில் உண்டு. மூன்று தெரிவு வரை ஒற்றை எண்ணே போதும் என்பது என் கருத்து. முதல் இரண்டும் மிக நெருக்கமாக வந்தால், அந்த இரண்டை மட்டும் வைத்து மறுபடி ஒரு செய்தி அனுப்பலாம்.

முடிவு தெரிந்ததும் அறிவிப்பு. இது ஒரே துண்டில் அடங்கும்:

```
கூட்டம் சனி மாலை 6, 8ஆம் வகுப்பு அறை
வாருங்கள்
```

இதில் 46 குறிகள்தான். அப்பாவின் எண் மட்டும் இருந்த நான்கு வீடுகளுக்கு வீட்டில் இருக்கும் போன் எண்ணைக் கேட்டு வாங்கி, அந்த எண்ணுக்கே இந்த அறிவிப்பை அனுப்பினேன். பதிவேட்டிலும் இரண்டாவது எண்ணாக எழுதிக்கொண்டேன். கூட்டத்தை அடுத்த வாரச் சனிக்கிழமைக்கு வைப்பது நல்லது. பன்னிரண்டு பேரிடம் பேசி முடிக்கவே வெள்ளிக்கிழமை ஆகிவிடுகிறது.

பூஜ்யம் அனுப்பிய மூன்று வீடுகளில் ஒன்றில் பாட்டிக்கு நடக்க முடியாது, பெற்றோர் இருவரும் வெளியூரில். அங்கே நானே போய்ப் பார்த்தேன். இன்னொரு வீட்டில் தாய்க்கு வேலை முடிவதே இரவு எட்டு மணிக்கு மேல்தான். அவரிடம் ஒன்பது மணிக்குப் போனில் பேசி, மகளைச் சேர்க்கப் போகும் உயர்நிலைப் பள்ளியின் பெயரையும் பேருந்து நேரத்தையும் குறித்துக்கொள்ளச் சொன்னேன். மூன்றாவது வீட்டுக்காரர் நேரம் சரியில்லை என்பதற்காகப் பூஜ்யம் அனுப்பவில்லை. பெண்ணை மேற்கொண்டு அனுப்புவதாக அவர்களுக்கு எண்ணமில்லை. அந்த வீட்டுக்குத் தலைமையாசிரியரும் நானும் சேர்ந்து போனோம், இரண்டு முறை.